மாவட்டச் சராசரியா, தனிநபர் தரவா?

மாவட்டச் சராசரிகளை வைத்துச் சிதறல் வரைபடம் போட்டாயிற்று; புள்ளிகள் அழகாகச் சாய்ந்து நிற்கின்றன. இதை வைத்தே மனிதர்களைப் பற்றிப் பேசலாமா, தனிநபர் தரவைத் தேட வேண்டுமா?

செலவு: சராசரி பெரும்பாலும் இலவசம். தனிநபர் தரவுக்கு அனுமதி, ரகசியக் காப்பு என்று அலைய வேண்டும்.

ஒரு புள்ளி என்பது: சராசரியில் ஒரு மாவட்டம், தனிநபர் தரவில் ஓர் ஆள்.

நம்பகம்: சிக்கலே இங்குதான். 1930 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ராபின்சன் என்ற ஆய்வாளர் 1950-இல் இரண்டு விதமாகவும் கணக்கிட்டுக் காட்டினார். மாநில வாரியாகப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமுள்ள இடங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று −1 முதல் +1 வரை அளக்கும் ஒட்டுறவுக் கெழு −0.53. ஆள் ஆளாகப் பார்த்தால் +0.12, அதாவது வெளிநாட்டில் பிறந்தவர்களிடம்தான் எழுத்தறிவின்மை சற்று அதிகம். குறியே தலைகீழ்! குடியேறியவர்கள், உள்ளூர்க்காரர்கள் நன்கு படித்திருந்த மாநிலங்களில் கூடுதலாகத் தங்கியிருந்தார்கள். மாநிலத்தின் எழுத்தறிவின்மைச் சராசரியைக் குறைத்தது அந்த உள்ளூர்க்காரர்கள்.

சோதிக்க: மாவட்டங்களைப் பெரிய மண்டலங்களாகச் சேர்த்து மறுபடி கணக்கிடுங்கள். ராபின்சன் மாநிலங்களை 9 மண்டலங்களாகச் சேர்த்துப் பார்த்தபோது அதே கெழு −0.62 ஆனது. எல்லைக்கோடு மாறினால் எண்ணும் மாறுகிறது என்றால், அது ஆட்களின் குணமல்ல. (மாறாவிட்டாலும் நிரூபணம் ஆகிவிடாது.)

எந்த மாவட்டத்துக்கு நிதி என்று தீர்மானிக்கச் சராசரி போதும். ‘இப்படிப்பட்டவர்கள் இப்படித்தான்’ என்று எழுதுவதானால் தனிநபர் தரவு கட்டாயம். முழுதும் கிடைக்காவிட்டால், சில மாவட்டங்களுக்குள்ளாவது இரு பிரிவினரையும் தனித்தனியே எண்ணிய அட்டவணை வேண்டும்.