கிளவுட் பில்லிங் சேவை: மூன்று ஆண்டுப் பயன்பாடும் ஒரு கிரெடிட் கோரிக்கையும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் இருக்கும் எங்கள் சாப்பாட்டுக் கடையில் மூன்று ஆண்டுகளாக ஒரே கிளவுட் பில்லிங் சேவைதான் ஓடுகிறது. மேசையில் டேப்லெட்டில் ஆர்டர் எடுத்தால் சமையலறை பிரிண்டரில் சீட்டு வரும், கல்லாவில் பில் தயாராகும், கியூஆர் கட்டணமும் அதே திரையில் சேரும். மாதக் கணக்கை எடுப்பதும் இன்வாய்ஸ் அனுப்புவதும் முன்பு இருந்த மென்பொருளைவிட எவ்வளவோ சுலபம். அந்த வகையில் இது நல்ல சேவை, சந்தேகமே இல்லை. நான் எழுத வந்தது, இது நின்றுபோனபோது ஒப்பந்தப்படி கட்டணத்தில் கழித்துத் தர வேண்டிய கிரெடிட்டை எப்படி வாங்கினோம் என்பதைப் பற்றி. இதே போன்ற சேவைகளைப் பயன்படுத்தும் கடைக்காரர்களுக்கு அது உதவும்.

எங்கள் ஒப்பந்தத்தில் மாதத்துக்கு 99.9 விழுக்காடு இயக்க நேரம் உறுதி தரப்பட்டிருக்கிறது. கேட்க மிகக் கறாராகத் தெரியும். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள், அதில் 0.1 விழுக்காடு 43 நிமிடங்களுக்குச் சற்று மேல். அதைத் தாண்டி நின்றால் மாதக் கட்டணத்தில் 10 விழுக்காடு கிரெடிட். 99.5 விழுக்காட்டுக்கும் கீழே போனால், அதாவது 216 நிமிடங்களுக்கு மேல் நின்றால், 25 விழுக்காடு. எங்கள் கட்டணம் மாதம் 480 ரிங்கிட் என்பதால் முதல் படியில் 48, இரண்டாம் படியில் 120.

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை மாலை 5:48-க்கு டேப்லெட்டுகள் ஆர்டரை அனுப்ப மறுத்தன. கடை நிறைய ஆட்கள். பையன்கள் காகிதத்தில் எழுதிச் சமையலறைக்கு ஓடினார்கள், கல்லாவில் கால்குலேட்டர் வந்தது. இரவு 8:50-க்குத்தான் எல்லாம் சீரானது. மொத்தம் 182 நிமிடங்கள். ஆஃப்லைன் முறை இருக்கிறதே என்று கேட்கலாம். அதில் ரொக்க பில் மட்டும் போடலாம், மேசை ஆர்டர் சமையலறைக்குப் போகாது. பிறகு மே 1, தொழிலாளர் தினக் காலை 6:42-க்கு மறுபடியும் நின்றது. பசியாற வந்தவர்கள் வரிசையில் நிற்க, 38 நிமிடங்கள் கழித்து வந்தது.

சேவை ஓடுகிறதா என்று காட்டும் நிறுவனத்தின் நிலைப் பக்கத்தில் சனிக்கிழமைக்கு 74 நிமிடம்தான் ‘சேவை நிறுத்தம்’ என்று சிவப்பில் இருந்தது. மீதி நேரம் மஞ்சளில் ‘செயல்திறன் குறைவு’. மே 1-க்கு ‘அவசரப் பராமரிப்பு’. அந்த நிறுவனத்தில் எங்கள் கணக்கைப் பார்க்கும் தம்பி கோலாலம்பூரிலிருந்து பேசினார். “அண்ணே, 74 நிமிஷம்னா 10 விழுக்காடு. மே மாசத்துல 38 நிமிஷம்தான், அது வரம்புக்குள்ளேயே இருக்கு. அதுக்கு ஒண்ணும் வராது.”

இங்கேதான் ஒப்பந்தத்தை வரி வரியாக வாசிக்க வேண்டியிருந்தது. நிலைப் பக்கத்தின் நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. ‘நிறுத்த நேரம்’ என்பதற்கு அது கொடுக்கும் விளக்கம் வேறு: வாடிக்கையாளர் கணக்கிலிருந்து போகும் ஆர்டர், பில், கட்டணக் கோரிக்கைகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் தொடர்ந்து ஐந்து நிமிடம் தோற்றால் அந்த ஐந்து நிமிடமும் நிறுத்த நேரம். மஞ்சள் காட்டிய நேரத்தில் எங்களுக்கு நாலில் மூன்று ஆர்டர் தோற்றுக்கொண்டிருந்தது. லாகின் பக்கம் மட்டும் அழகாகத் திறந்தது. லாகின் திறக்கிறதா என்று மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவியை நம்பியிருந்தால் சேவை நன்றாக இருக்கிறது என்றே பதிவாகியிருக்கும்.

நல்லவேளையாக, கல்லாவின் பின்னால் இருக்கும் சின்னக் கணினியில் என் அண்ணன் மகன் நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஒரு சோதனையை முன்பே வைத்திருந்தான். ஆர்டர் முகவரியையும் லாகின் பக்கத்தையும் தனித்தனியாகத் தட்டும். கூடவே, சம்பந்தமே இல்லாத வேறொரு தளத்தையும் தட்டும். இந்த மூன்றாவதுதான் முக்கியம். ‘உங்கள் இன்டர்நெட் போயிருக்கும்’ என்ற பதிலை மறுக்க அது ஒன்றுதான் சான்று.

```
2025-04-26T17:48:01+08:00 order=503 login=200 net=200
2025-04-26T19:20:01+08:00 order=504 login=200 net=200
2025-05-01T06:42:01+08:00 order=503 login=503 net=200
```

200 என்றால் பதில் சரியாக வந்தது, 503, 504 என்றால் சர்வர் பக்கம் தோல்வி; net என்பது அந்த மூன்றாவது தளம். இரண்டாவது வரியைப் பாருங்கள். மணி இரவு 7:20, நிலைப் பக்கம் மஞ்சளுக்கு மாறிவிட்ட நேரம். ஆர்டர் இன்னும் 504.

ஆனாலும் நம் கடைப் பதிவை மட்டும் வைத்து அவர்கள் கிரெடிட் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்தப்படி இறுதி அளவு அவர்களுடைய சர்வர் பதிவுதான். அதனால் கோரிக்கையில் ‘எங்கள் பதிவை ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று எழுதவில்லை. இந்தக் கணக்கு எண்ணுக்கு, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தோல்வி விகிதத்தை உங்கள் சர்வரிலிருந்து எடுத்துக் கொடுங்கள் என்று கேட்டோம். எங்கள் பதிவை ஒப்பிட்டுப் பார்க்க இணைத்தோம். இந்த வேறுபாடு சிறியதாகத் தெரியலாம், ஆனால் பேச்சு அங்கேதான் திரும்பியது. அவர்கள் எடுத்துப் பார்த்தபோது 182 நிமிடமும் வந்தது.

அடுத்தது மே 1. ‘அவசரப் பராமரிப்பு’ என்று பெயர் வைத்தால் கணக்கில் வராது என்று நினைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் விலக்கு தருவது 48 மணி நேரம் முன்னரே அறிவித்த பராமரிப்புக்கு மட்டும். அன்று அறிவிப்பு வந்தது சேவை நின்ற பிறகு. ஆகவே 38 நிமிடமும் நிறுத்த நேரமே.

ஆனால் எந்த மாதத்தின் நிறுத்த நேரம்? மாதம் என்பது யூடிசி என்ற உலகப் பொது நேரப்படி என்று விளக்கப் பகுதியில் ஒரு வரி இருக்கிறது. மலேசிய நேரம் யூடிசியைவிட எட்டு மணி நேரம் முன்னால். நமக்கு மே 1 காலை 6:42 என்றால் யூடிசியில் ஏப்ரல் 30 இரவு 10:42. முழு 38 நிமிடமும் ஏப்ரலுக்குள் விழுந்துவிடுகிறது. 182-உம் 38-உம் சேர்ந்தால் 220, இயக்க நேரம் 99.49 விழுக்காடு. 216-ஐத் தாண்டிவிட்டதால் 25 விழுக்காட்டுப் படி. இதே வரி வேறொரு மாதம் நமக்கு எதிராகவும் வேலை செய்யும். மாதத்தின் முதல் நாள் காலை எட்டு மணிக்கு முன் எது நடந்தாலும் அது போன மாதக் கணக்கு. மனுப் போடும் கெடுவும் போன மாதத்திலிருந்தே ஓடத் தொடங்கும். எங்கள் ஒப்பந்தத்தில் அந்தக் கெடு மாத முடிவிலிருந்து 30 நாள். கேட்காதவருக்குத் தானாக எதுவும் வராது.

120 ரிங்கிட் கிரெடிட் கிடைத்தது, அடுத்த இன்வாய்ஸில் கழித்தார்கள். ரொக்கமாகத் தர மாட்டார்கள். ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டியவர்களுக்குப் புதுப்பிக்கும்போதுதான் கழிப்பார்களாம். விலகிப் போகிறவருக்கு அந்தப் பணம் கிடைக்காமலே போகும். இது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை எழுதியும் கொடுத்தேன். சனிக்கிழமை மாலை இழந்த வியாபாரத்துக்கும் இந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. அந்த இழப்பைக் கேட்கவும் வழியில்லை, கிரெடிட் ஒன்றே பரிகாரம் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் இவ்வளவு மெனக்கெட்டோம் என்றால் வேறொரு பிரிவுக்காக. 12 மாதத்தில் மூன்று மாதம் உறுதியளித்த அளவுக்குக் கீழே போனால், மீதிக் காலக் கட்டணம் இல்லாமல் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் கிரெடிட் கொடுத்து ஒப்புக்கொண்ட மாதங்கள் மட்டுமே சேரும். இப்போது ஏப்ரல் அதில் ஒன்றாக எழுத்தில் இருக்கிறது.

சேவையைத் தொடர்கிறோம், ஆண்டுக் கட்டணத்துக்கு மாறவில்லை. புதுப்பிக்கும்போது ஆஃப்லைன் முறையில் சமையலறைச் சீட்டும் வர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.