பால் காசு மெசேஜ் இரண்டு தடவை போகாமல் இருக்க: ஒரு போஸ்ட்கிரெஸ் டேபிளோடு நெடுநாள் அனுபவம்

குமுளியில் ஏலக்காய்க் கடைகளுக்கு மென்பொருள் செய்து தரும் நண்பர் ஒருவர் போன வாரம் போனில் கேட்டார். "காலையில் போன பேமெண்ட் மெசேஜ் மத்தியானம் மறுபடியும் போகுது, ரெடிஸில் செக் போட்டுத்தானே வச்சிருக்கேன்?" அவருக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன். நான் பார்ப்பது கொழிஞ்சாம்பாறை பக்கத்துப் பால் சொசைட்டி ஒன்றின் கணக்கு மென்பொருள். பத்து நாளுக்கு ஒரு தடவை பில் போட்டு, பேமெண்ட் நிறுவனம் வழியாக உறுப்பினர்களின் வங்கிக் கணக்குக்குப் பணம் போகும். போய்ச் சேர்ந்ததும் அந்தச் செய்தியை அவர்கள் நம் சர்வருக்கு வெப்ஹுக்காக அனுப்புவார்கள், நாம் விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்புவோம்.

இந்த மெசேஜ் இரண்டு தடவை போனால் சின்ன விஷயம் இல்லை. 4,260 ரூபாய் வந்தது என்று இரண்டு மெசேஜ் பார்த்தவர், பாஸ்புக் பதிய பஸ் ஏறிப் போய், ஒரு தொகைதான் இருக்கிறது என்று தெரிந்ததும் நேராக சொசைட்டிக்கு வருவார். அவர் சந்தேகப்படுவது மென்பொருளை அல்ல, கிளார்க்கை.

இரட்டை எங்கே பிறக்கிறது என்று முதலில் பார்க்கணும். வெப்ஹுக் அனுப்புகிறவர், கிடைத்தது என்பதற்கு அடையாளமாக நாம் சில விநாடிக்குள் 200 என்று பதில் சொல்லாவிட்டால், போய்ச் சேரவில்லை என்றே எடுத்துக்கொண்டு திரும்ப அனுப்புவார். ஒரு தடவையாவது சேர்ப்பேன் என்பதுதான் அவர் தரும் வாக்கு. ஒரே தடவைதான் சேர்ப்பேன் என்று அவர் சொல்லவே இல்லை. நண்பரின் நிரல் வெப்ஹுக் வந்த அதே கையோடு எஸ்எம்எஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு, அது முடிந்த பிறகுதான் பதில் சொல்கிறது. அந்தப் பக்கம் மந்தமாக இருக்கும் நாளில் மெசேஜ் போய்விடுகிறது, 200 மட்டும் நேரத்துக்குப் போவதில்லை. அனுப்பியாச்சு என்று அவர் ரெடிஸில் குறித்து வைத்திருக்கும் சாவியின் ஆயுள் ஒரு மணி நேரம். ரீட்ரைகளோ போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போகும், நாள் முழுக்க நீளும். சாவி இருக்கும்போது வரும் ரீட்ரைக்கு மெசேஜ் போகாது, ஆனால் அவர் நிரல் அதற்கு 200 சொல்வதில்லை, அதனால் ரீட்ரை நிற்பதில்லை. சாவி காலாவதியான பிறகு வரும் ரீட்ரைக்கு அது புது நிகழ்வு. மத்தியான மெசேஜுக்குக் காரணம் அவ்வளவுதான்.

நான் வைத்திருப்பது போஸ்ட்கிரெஸில் ஒரே ஒரு டேபிள். வெப்ஹுக் வந்ததும் என் நிரல், அனுப்பியது அவர்கள்தானா என்று அதன் கையெழுத்தைச் சரிபார்த்து, இந்த ஒரு கட்டளையை ஓட்டி, உடனே 200 சொல்லிவிடுகிறது. எஸ்எம்எஸ் அனுப்புவது பின்னால் ஓடும் தனி வேலை.

```sql
INSERT INTO notice (payout_id, kind, status)
VALUES ('p_1042', 'processed', 'pending')
ON CONFLICT (payout_id, kind) DO NOTHING
RETURNING id;
```

`payout_id` என்பது ஒவ்வொரு பணம் அனுப்பலுக்கும் உள்ள எண், `kind` நிகழ்வின் வகை, இரண்டும் சேர்ந்து யூனிக். `id` திரும்பி வந்தால் முதல் தடவை, ஒன்றும் வராவிட்டால் ஏற்கெனவே பார்த்தது. இரண்டுக்குமே 200தான் பதில். போஸ்ட்கிரெஸில் இந்த `ON CONFLICT` 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது, 2016 முதல். இதில் எனக்கு இன்றைக்கும் சந்தோஷம் தருவது ஒரு விஷயம். ஒரே நிகழ்வு ஒரே நொடியில் இரண்டு சர்வரில் வந்து விழுந்தால், முதலில் SELECT போட்டுப் பார்த்து அப்புறம் INSERT போடும் நிரலில் இரண்டுமே "இல்லை" என்று பார்த்து இரண்டுமே அனுப்பிவிடும். இங்கே இரண்டாவது INSERT, முதலாவது கமிட் ஆகிறதா ரோல்பேக் ஆகிறதா என்று காத்து நிற்கிறது. கமிட் ஆனால் இது விலகிக்கொள்ளும், ரோல்பேக் ஆனால் இது உள்ளே போகும். நான் ஒரு பூட்டும் எழுத வேண்டியதில்லை.

சாவியாக எதை வைப்பது என்பதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். நிகழ்வின் ஐடியை வைத்தால் சாதாரண ரீட்ரை நிற்கும், ஆனால் அனுப்புகிறவரே ஒரே விஷயத்துக்கு இரண்டு நிகழ்வு உண்டாக்கினால் ஐடி வேறாகிவிடும். ஸ்ட்ரைப் நிறுவனம் தன் ஆவணத்திலேயே இப்படி நடக்கலாம் என்று சொல்லி, உள்ளே இருக்கும் பொருளின் ஐடியையும் நிகழ்வின் வகையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. நண்பர் போன் நம்பரையும் மெசேஜ் வாசகத்தையும் சேர்த்து ஹாஷ் எடுத்திருக்கிறார். எங்கள் பக்கம் அது இன்னும் ஆபத்து. வீட்டுக்கு ஒரு போன், கணவன் பேரில் ஒரு புத்தகம், மனைவி பேரில் ஒரு புத்தகம். இருவருக்கும் அன்றைக்கு ஒரே தொகை வந்துவிட்டால் இரண்டாவது மெசேஜ் நியாயமானது, ஹாஷ் அதைத் தின்றுவிடும். `payout_id` வைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கணக்கு எண் தப்பாகிப் பணம் திரும்பி வந்து மறுபடி அனுப்பினாலும் அது புது `payout_id`, புது மெசேஜ், அதுதான் வேண்டும்.

பழைய வரிகளை 90 நாள் கழித்துத்தான் அழிக்கிறேன். ரீட்ரைக்கு அவ்வளவு தேவையில்லை, ஆனால் பேமெண்ட் நிறுவனத்தின் திரையிலிருந்து யாராவது பழைய நிகழ்வைக் கையால் திரும்ப அனுப்பலாம்.

இதுவரை சொன்னதில் ஒரு குறையும் இல்லை. உள்ளே வரும் வாசலை இந்த டேபிள் சுத்தமாகக் காக்கிறது. எரிச்சல் முழுக்க வெளியே போகும் வாசலில். பின்னால் ஓடும் வேலை ஒரு வரியை எடுத்து `sending` என்று மாற்றி, எஸ்எம்எஸ் நிறுவனத்தைக் கூப்பிட்டு, பதில் வந்ததும் `sent` என்று மாற்றும். கூப்பிட்டு 10 விநாடி ஆகியும் பதில் இல்லை என்று வையுங்கள். மெசேஜ் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். திரும்பக் கூப்பிட்டால் இரட்டை, விட்டால் ஒன்றுமே இல்லை. நம் டேபிளை எப்படி மாற்றி எழுதினாலும் இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் விடை அவர்களிடம் இருக்கிறது. ஒரே சாவியோடு இரண்டாவது கோரிக்கை வந்தால் பழைய பதிலையே தருவது என்று பணம் வாங்கும் ஏபிஐகள் பல வருஷமாகச் செய்கின்றன. எங்கள் எஸ்எம்எஸ் நிறுவனம் நம் குறிப்பு எண்ணை வாங்கிக்கொள்கிறது, டெலிவரி ரிப்போர்ட்டில் திருப்பியும் தருகிறது, அதே எண்ணோடு இன்னொன்று வந்தால் தடுப்பது மட்டும் கிடையாது. தமிழ் எஸ்எம்எஸ் 70 எழுத்துக்குறி தாண்டினாலே இரண்டாகக் கணக்காகும், இரட்டை போனால் நாலு மெசேஜ் காசு. அதையும் வாங்கிக்கொள்கிறார்கள். கேட்டு எழுதியதற்குப் பதில் இல்லை. இதில் எனக்கு உண்மையிலேயே கோபம்.

அதனால் மெசேஜ் வகைக்குத் தகுந்தபடி பிரித்திருக்கிறேன். பணம் வந்தது என்னும் மெசேஜ் `sending` நிலையில் சிக்கினால் திரும்ப அனுப்புவதில்லை. பணம் கணக்கில் இருக்கிறது, பெரும்பாலும் வங்கியும் ஒரு மெசேஜ் போடும். பணம் திரும்பிவிட்டது, கணக்கு எண்ணைச் சரிபார்க்க வாருங்கள் என்னும் மெசேஜ் சிக்கினால் திரும்ப அனுப்புகிறேன். அது இரண்டு தடவை போனால் கெடுதல் இல்லை, போகாமலே இருந்தால் அந்த வீட்டுக்குப் பால் காசு நின்றுபோகும். முதல் வகையில் சிக்கியவை, டெலிவரி ரிப்போர்ட் வந்தால் தானாக `sent` ஆகும். போன் அணைந்திருந்தாலோ சிக்னல் இல்லாவிட்டாலோ ரிப்போர்ட் மணிக்கணக்காக வராது. மீதி மறுநாள் காலை கிளார்க் அக்காவின் திரையில் லிஸ்ட்டாக நிற்கும். "சார், இது போச்சுங்களா, இல்லீங்களா?" என்று அவர் கேட்கும்போது என்னிடம் பதில் இல்லை. அவர்தான் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்கிறார்.

இன்றைக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு மூன்றுதான் போடுவேன். டேபிள் ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை, ஆனாலும் மூன்றுதான், அந்தக் காலை லிஸ்ட் இருக்கும்வரை. குமுளி நண்பருக்கு என் பதில்: ரெடிஸ் ஆயுளை நீட்டிக்கொண்டு இருக்காமல், அடுத்த ஏலப் பணம் போவதற்குள் யூனிக் சாவிக்கு மாறுங்கள், ஹாஷைத் தூக்கிவிடுங்கள். எஸ்எம்எஸ் நிறுவனம் இன்னும் முடிவாகவில்லை என்றால், ஒரே குறிப்பு எண்ணில் இரண்டு கோரிக்கை அனுப்பி, போனில் எத்தனை மெசேஜ் வருகிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.