கேமிங் கணினியில் கூடுதல் பணம் எந்த இடம்வரை பயன் தருகிறது? ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரைசன் 5 5600 புரொசெசர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட், 144 ஹேர்ட்ஸ் வேகமுள்ள 1080பி மொனிற்றர் ஆகியவற்றைக் கொண்ட கணினியொன்றை 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தில் பயன்படுத்தி வருகிறேன். இதைப் பார்க்க வரும் இளையவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: இன்னும் ஒரு லட்சம் ரூபா போட்டால் எவ்வளவு கூடும்? போடும் பணத்துக்கு ஏற்ற அளவில் வேகமும் கூடும் என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கும் நம்பிக்கை. அது சில இடங்களில் உண்மை, சில இடங்களில் முற்றிலும் பொய். அந்த இரண்டையும் பிரிக்கும் கோட்டை விலைப்பட்டியலில் தேடுவதில் பயனில்லை. அது மேசையில் இருக்கும் மொனிற்றரிலும் கேசிங்கினுள் இருக்கும் புரொசெசரிலுமே இருக்கிறது.

முதலில் விலையைப் பார்ப்போம். இங்குள்ள கடை விலைகள் டொலரோடும் வரியோடும் சேர்ந்து அடிக்கடி மாறுவதால், ஒப்பிடுவதற்கு அறிமுக விலைகளையே எடுத்துக்கொள்கிறேன். ஆர்டிஎக்ஸ் 4060 கார்ட் 299 டொலருக்கும், 4070 கார்ட் 599 டொலருக்கும், 4090 கார்ட் 1599 டொலருக்கும் அறிமுகமாகின. 4060இல் 3072 கணக்கீட்டுக் கோர்களும் 4090இல் 16384 கோர்களும் உள்ளன. கோர்களின் எண்ணிக்கை ஐந்தேகால் மடங்குக்குச் சற்று மேல், விலையும் ஐந்தேகால் மடங்குக்குச் சற்று மேல். அதாவது, கோர் ஒன்றின் விலை என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். ஆனால் கேம்களில் 4090 ஐந்து மடங்கு வேகமாக ஓடுவதில்லை. 4கே தெளிவில், அதாவது திரையில் புள்ளிகள் மிக அதிகமாக உள்ள, அதற்கு மிகவும் சாதகமான நிலையில், 4060ஐப் போல மூன்று மடங்கை அண்டிய வேகத்தைத் தருகிறது. 1080பியில் அது இரு மடங்கை அண்டியே நின்றுவிடுகிறது.

இதற்குக் காரணம், கோர்கள் ஐந்து மடங்கு கூடியபோது அவற்றோடு சேர்ந்து உழைக்க வேண்டிய மற்றவை அதே அளவில் கூடவில்லை என்பதே. கார்டின் நினைவகத்திலிருந்து விநாடிக்குத் தரவு வந்துசேரும் அளவு 4060இல் 272 ஜிகாபைட், 4090இல் 1008 ஜிகாபைட். இது நான்கு மடங்குகூட இல்லை. இரண்டின் கடிகார வேகமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதற்கும் மேலாக, திரையில் அடுத்தடுத்துத் தோன்றும் ஒவ்வொரு படத்தையும், அதாவது பிரேமையும், வரைவதற்கான கட்டளைகளை கார்டுக்குத் தயாரித்துக் கொடுப்பது புரொசெசர். பந்தியில் இலைகளை ஐந்து மடங்காக்கிவிட்டுப் பரிமாறுபவரை ஒருவராகவே வைத்திருந்தால், இலைகளில் பாதி காத்துக்கிடக்கும். குறைந்த தெளிவில் விலையுயர்ந்த கார்டுக்கு நடப்பது இதுதான்.

மேல்நிலை கார்டுகளின் விலைக்குத் தொழிற்சாலையிலும் காரணம் உண்டு. சிப்புகள் வட்டமான சிலிக்கன் தகடுகளில் அச்சிடப்படுகின்றன. அந்தத் தகட்டில் ஆங்காங்கே நுண்ணிய குறைபாடுகள் விழுவது தவிர்க்க முடியாதது. சிப்பின் பரப்பு பெரிதாகும்போது ஒரு தகட்டில் அடங்கும் சிப்புகளின் எண்ணிக்கை குறைவதோடு, ஒவ்வொன்றிலும் குறைபாடு விழும் வாய்ப்பும் கூடுகிறது. 4060இன் சிப் சுமார் 159 சதுர மில்லிமீற்றர், 4090இன் சிப் சுமார் 609. அந்தப் பெரிய சிப்பில் முழுமையாக 18432 கோர்கள் இருந்தும், 4090இல் 16384 மட்டுமே இயங்க விடப்பட்டுள்ளன. பழுதான பகுதிகளை அணைத்து விற்க இடம்விடாவிட்டால் விலை இன்னும் ஏறியிருக்கும்.

இனி, என் சொந்தக் கணினியில் பார்த்ததற்கு வருகிறேன். கோப்பாயில் இருக்கும் என் மைத்துனர் பின்னர் 4070 கார்ட் ஒன்றை வாங்கினார். அதைச் சில நாட்கள் என் கணினியில் பொருத்தி, மற்ற எதையும் மாற்றாமல் ஓட்டிப் பார்த்தோம். சைபர்பங்க் 2077 கேமில், 1080பியில், ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே ட்ரேசிங் இல்லாத உச்சத் தரத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த தெருக்களில் என் 4060 விநாடிக்கு 80 பிரேம்களை அண்டியும் 4070 சுமார் 110 பிரேம்களையும் காட்டின. அதே கேமின் சந்தைப் பகுதிக்குள், கூட்டம் நெரியும் இடத்தில், 70 என்பது 82 வரை மட்டுமே ஏறியது. வலோரன்ட் கேமில் இரண்டு கார்டுகளுக்கும் இடையில் வேறுபாடே தெரியவில்லை. இரண்டும் மொனிற்றரின் 144 என்ற எல்லையை எப்போதோ தாண்டியிருந்தன.

இதைப் பணமாக்கிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும். 299 டொலர் கார்ட் 80 பிரேம் தந்தபோது பிரேம் ஒன்றின் விலை நான்கு டொலருக்கும் குறைவு. அடுத்த 300 டொலர் தெருவில் 30 பிரேம்களையே கூட்டித் தந்ததால், கூடுதலாகக் கிடைத்த ஒவ்வொரு பிரேமுக்கும் 10 டொலர் போயிருக்கிறது. சந்தைப் பகுதியில் அதே தொகை 12 பிரேம்களையே வாங்கியது. பிரேமுக்கு 25 டொலர். வலோரன்ட்டில் அது எதையும் வாங்கவில்லை. கார்டின் விலை ஒன்றுதான், ஆனால் அதன் பயன் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இப்படி எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் காசு செலவழிக்காமலே அறிய ஒரு வழி உண்டு. கேமை ஓடவிட்டு, அதன் அமைப்பில் தெளிவை 1080பியிலிருந்து 720பிக்குக் குறைத்துப் பாருங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக ஏறினால், உங்களைக் கட்டிப்போட்டிருப்பது கிராபிக்ஸ் கார்ட்; புதிய கார்டுக்குப் போடும் பணம் பலன் தரும். எண்ணிக்கை அசையாமல் நின்றால் கட்டிப்போட்டிருப்பது புரொசெசர். அந்த நிலையில் எந்த விலையில் கார்ட் வாங்கினாலும் அந்த இடத்தில் மாற்றம் வராது. திரையின் மூலையில் கார்டின் பயன்பாட்டு வீதத்தைக் காட்டும் மென்பொருள் வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்கலாம். நாங்கள் சோதித்தபோது தெருவில் 95 வீதத்துக்கு மேல் நின்ற 4070, சந்தைக்குள் நுழைந்ததும் 70 வீதத்தை அண்டி இறங்கியது. கார்ட் கட்டளைக்காகக் காத்திருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

மறுபுறத்தையும் சொல்லாவிட்டால் கணக்கு நேர்மையாகாது. மலிவாக வாங்குவதே எப்போதும் இலாபம் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. புரொசெசர், மதர்போர்ட், றாம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேசிங் எல்லாம் சேர்ந்து 500 டொலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4060 உள்ள கணினி 800 டொலர், 4070 உள்ளது 1100 டொலர். முழுக் கணினியின் விலை 38 வீதம் கூடுகிறது, கார்டின் வேகமோ 1440பியில் தடையில்லாத இடங்களில் சுமார் ஒன்றரை மடங்காகிறது. எனவே 1440பி மொனிற்றர் வைத்திருப்பவருக்கு 4070தான் சிக்கனமான தேர்வு. என்னைப்போல 1080பியில் இருப்பவருக்கு அந்தக் கூடுதல் 300 டொலரில் பெரும்பகுதி திரைக்கு வந்துசேராது.

மிகக் குறைந்த செலவில் எனக்கு மிகப் பெரிய மாற்றத்தைத் தந்தது றாம். கணினி எனக்கு விற்கப்பட்டபோது அதில் 8 ஜிபி றாம் ஒன்றே பொருத்தப்பட்டிருந்தது. அதே வகையில் இன்னொன்றைச் சேர்த்ததும் கொள்ளளவோடு நினைவகத்தின் பாதையும் இரட்டித்தது. சராசரி பிரேம் எண்ணிக்கையைவிட, வளைவுகளில் திரும்பும்போது வந்த திக்கல் குறைந்ததே பெரிய நிம்மதி. பயோஸில் எக்ஸ்எம்பி அமைப்பை இயக்கினால்தான் 3200 என்று எழுதப்பட்ட றாம் அந்த வேகத்தில் ஓடும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அதற்குச் செலவே இல்லை. எஸ்எஸ்டியைப் பொறுத்தவரை, விநாடிக்கு 3500 மெகாபைட் படிக்கும் ஒன்றுக்கும் 7000 படிக்கும் ஒன்றுக்கும் இடையில் கேம்களில் நான் உணர்ந்த வேறுபாடு எதுவுமில்லை.

வடக்கின் வெப்பமும் மின்சாரமும் இந்தக் கணக்கில் வேறு இடங்களைவிடக் கனமாக விழுகின்றன. 4060 முழு உழைப்பில் 115 வாற் எடுக்கிறது, 4090க்கு விதிக்கப்பட்ட எல்லை 450 வாற். நான்கு மணி நேரம் முழுச் சுமையில் விளையாடினால் ஒன்று அரை அலகுக்கும் குறைவாகவும் மற்றையது 1.8 அலகும் எடுக்கும். நம் வீட்டுக் கட்டணம் அலகு கூடக்கூட அடுத்த விலைப்படிக்குத் தாவும் முறையில் இருப்பதால், அந்த வேறுபாடு பட்டியலில் பெருகித் தெரியும். அந்த 450 வாற்றும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்ளேயே இறங்குகிறது. சித்திரை, வைகாசியில் மின்விசிறி மட்டும் உள்ள அறையில் என் சிறிய கணினியே அறையைச் சூடாக்குவது தெரிகிறது. பெரிய கார்டை நாடுபவர் 850 வாற் பவர் சப்ளைக்கும், மின்வெட்டைத் தாங்கும் பெரிய யூபிஎஸ்ஸுக்கும், அநேகமாகக் குளிரூட்டிக்கும் சேர்த்தே விலை போட வேண்டும். எங்கள் வீட்டில் பயன்படுத்தும் 650 விஏ யூபிஎஸ் 4060க்குப் போதுமாக இருக்கிறது, 4090ஐ அது தாங்காது.

வேகத்தைக் கண் உணர்வதிலும் அதே சரிவு இருக்கிறது. 60 பிரேமில் ஒவ்வொரு படமும் 16.7 மில்லிவிநாடி நிற்கிறது. 144இல் அது 6.9 ஆகிறது, கிட்டத்தட்ட 10 மில்லிவிநாடி மிச்சம். 144இலிருந்து 240க்குப் போனால் மேலும் 2.8 மில்லிவிநாடியே மிஞ்சும். 60 ஹேர்ட்ஸ் திரையிலிருந்து 144க்கு மாறியதை வீட்டில் விளையாடாதவர்கள்கூடக் கவனித்தார்கள். 240 ஹேர்ட்ஸ் திரையை நண்பர் ஒருவரிடம் பார்த்தேன், போட்டி விளையாட்டில் ஈடுபடுபவருக்கே அது பணத்துக்குப் பெறுமதி என்று நினைக்கிறேன்.

பணம் கூடுதலாகப் போட வேண்டிய ஓரிடத்தையும் குறிப்பிட வேண்டும். கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டால் வேகம் படிப்படியாகக் குறையாது, ஒரேயடியாக உடையும். புதிய கேம்கள் சிலவற்றில் பொருட்களின் மேற்பரப்புப் படங்களான டெக்ஸ்ச்சர்களின் தரத்தை உச்சத்தில் வைத்தால் என் கார்டின் 8 ஜிபி போதாமல், தரவு கணினியின் றாமுக்கும் கார்டுக்கும் இடையே ஓடத் தொடங்குகிறது. சராசரி 70 பிரேம் என்று திரை காட்டினாலும் சில விநாடிகளுக்கு ஒருமுறை படம் உறைகிறது. தரத்தை ஒரு படி இறக்கினால் உடனே நீங்கிவிடுவதே இதற்கான அடையாளம். இன்று புதிதாக வாங்குபவர் ஐந்தாண்டு பயன்படுத்த நினைத்தால், கோர்களுக்கு முன்பு 12 ஜிபி அல்லது 16 ஜிபி நினைவகத்துக்குப் பணம் ஒதுக்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

என் கணினியில் அடுத்த செலவாக இரண்டு வழிகள் எதிரே இருக்கின்றன. இதே மதர்போர்டில் பொருந்தும் ரைசன் 7 5700எக்ஸ்3டி புரொசெசர் எல்3 கேஷ் எனப்படும், புரொசெசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம் 96 மெகாபைட் கொண்டது. அது சந்தைப் பகுதி போன்ற இடங்களில் உதவும், ஆனால் 4060 ஏற்கெனவே தன் எல்லையில் ஓடும் தெருக்களில் எதையும் மாற்றாது. மற்றது 1440பி மொனிற்றர். அதில் புள்ளிகள் 78 வீதம் கூடுதல், எனவே சுமை கார்டின் மீது ஏறி, இப்போதைய புரொசெசரே போதுமானதாகிவிடும்; ஆனால் கார்டை மாற்ற வேண்டி வரும். இரண்டையும் ஒன்றாக வாங்கினால் ஒன்றின் பலனை மற்றது பெருமளவில் அழித்துவிடும் என்பதால், மொனிற்றரையும் 12 ஜிபி கார்டையும் ஒருசேர வாங்கப் பணம் சேரும்வரை புரொசெசரைத் தொடுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன்.