தீபாவளி கூப்பன்: 20 சதவீதமா, 100 ரேண்டா?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து ஆன்லைனில் புடவை விற்கிறோம். ஒரு புடவை 690 ரேண்ட். அதில் 15% வாட் வரி 90 போனால் 600. கொள்முதல் 420. கையில் நிற்பது 180.

DEEPAM20 என்று 20% தள்ளுபடி கொடுத்தால் விலை 552. வரி போக 480, மிச்சம் 60 ரேண்ட்தான். விலையில் ஐந்தில் ஒரு பங்கை விட்டால், லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது. பேனரில் படிக்க எளிது என்பது உண்மைதான். ஆனால் ‘20% வரை’ என்று போடாதீர்கள். எந்தப் புடவைக்கு எவ்வளவு என்று வாங்குபவர் தேட வேண்டியிருக்கும்.

DEEPAM100 வேறு மாதிரி. ‘1,000 ரேண்டுக்கு மேல் வாங்கினால் 100 ரேண்ட் குறைவு, ஞாயிறு இரவு வரை’ என்ற ஒரே வரியில் எல்லாம் வந்துவிடும். இரண்டு புடவை 1,380, கழிவு போக 1,280. வரி 167, கொள்முதல் 840 கழித்தால் 273 நிற்கிறது. முதல் கூப்பனில் அதே இரண்டு புடவைக்கு 120தான். ஒரே புடவை போதும் என்பவருக்கு எதுவும் கிடைக்காது, அது குறைதான். அப்புறம், ஒன்றைத் திருப்பி அனுப்பினால் கழிவு ரத்தாகும் என்பதை பில் போடும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். இரண்டு கூப்பன்களும் ஒரே பில்லில் சேராதபடி அமைத்துவிட்டு, நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்கள். நான் 100 ரேண்ட் பக்கம்தான்.