எறிபொருள் கணக்குகள்: வாய்பாடா, கூறுகளாகப் பிரித்தலா, பாதைச் சமன்பாடா?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் வினாத்தாளில் எறிபொருள் பற்றிய கணக்கு வந்தால், அது பெரும்பாலும் பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் ஆகிய மூன்றில் ஒன்றையோ அனைத்தையுமோ கேட்கும். விடை காண மாணவருக்கு மூன்று வழிகள் உண்டு. மனப்பாடமான வாய்பாடுகளில் எண்களை இடுவது முதல் வழி. தொடக்கத் திசைவேகத்தைக் கிடைத்தளக் கூறாகவும் செங்குத்துக் கூறாகவும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இயக்கச் சமன்பாட்டை எழுதுவது இரண்டாவது வழி. நேரத்தை நீக்கிவிட்டு y-யையும் x-ஐயும் நேரடியாகத் தொடர்புபடுத்தும் பாதைச் சமன்பாடு மூன்றாவது வழி. இவற்றில் இரண்டாவதையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும் என்பதும், மற்ற இரண்டையும் அவற்றுக்குரிய இடத்தில் மட்டும் பயன்படுத்த வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து. அதற்கான காரணத்தை ஒரே கணக்கைக் கொண்டு காட்டுகிறேன்.

சமதளத் தரையிலிருந்து ஒரு பந்து, கிடைத்தளத்துடன் 30° கோணத்தில், 20 மீ/வி திசைவேகத்தில் எறியப்படுகிறது. g = 10 மீ/வி² என்றும் காற்றுத் தடை இல்லை என்றும் கொள்வோம். வாய்பாடுகள் இவை:

T = 2u sinθ / g
H = u² sin²θ / 2g
R = u² sin2θ / g

எண்களை இட்டால் T = 2 வினாடி, H = 5 மீட்டர், R = 34.64 மீட்டர் என மூன்று வரிகளில் வேலை முடிந்துவிடும். கூறுகளாகப் பிரித்தால், செங்குத்துக் கூறு 20 × sin 30° = 10 மீ/வி; கிடைத்தளக் கூறு 20 × cos 30° = 17.32 மீ/வி. புவியீர்ப்பு ஒவ்வொரு வினாடியும் செங்குத்துக் கூறில் 10 மீ/வி-யைக் குறைப்பதால் பந்து 1 வினாடியில் உச்சியை அடைகிறது. இறங்குவதற்கும் 1 வினாடி ஆகிறது. இந்த 2 வினாடிகளில் கிடைத்தளத்தில் 17.32 × 2 = 34.64 மீட்டர் செல்கிறது. எழுதுவதற்கு இரண்டு வரிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன என்பது உண்மைதான். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய போட்டித் தேர்வில், சமதளக் கணக்குக்கு வாய்பாடே விரைவானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த விரைவுக்குள் ஒரு பொறி இருக்கிறது. உயரத்துக்குரிய வாய்பாட்டில் sin²θ வருகிறது. நெடுக்கத்துக்குரியதில் sin2θ வருகிறது. தேர்வு அவசரத்தில் இவை இடம் மாறினால், அலகுகளைச் சரிபார்ப்பதால் பிழை வெளிப்படாது. இரண்டும் அலகற்ற எண்கள் என்பதால் விடை இரு வகையிலும் மீட்டரிலேயே வரும். பிழையைக் கண்டறியச் சரியான சோதனை, கோணத்தை 90° என்று வைத்துப் பார்ப்பதாகும். நேர் மேலே எறிந்த பொருள் எறிந்த இடத்திலேயே விழ வேண்டும் என்பதால் நெடுக்கம் சுழியாக வேண்டும்; sin 180° = 0 என்பதால் sin2θ நெடுக்கத்துக்கு உரியது என்று உறுதியாகிறது. கூறுகளாகப் பிரிப்பவருக்கு இந்தக் குழப்பமே எழுவதில்லை.

உண்மையான வேறுபாடு தெரிவது, அதே பந்தை 15 மீட்டர் உயரக் கட்டடத்தின் மாடியிலிருந்து எறியும்போதுதான். வாய்பாடுகள் மூன்றில் T, R ஆகிய இரண்டும், பொருள் எறியப்பட்ட மட்டத்துக்கே திரும்பி வருகிறது என்ற நிபந்தனையின் மேல் கட்டப்பட்டவை. மாடிக் கணக்கில் அவற்றைப் பயன்படுத்தினால் கிடைக்கும் 2 வினாடியும் 34.64 மீட்டரும், பந்து மீண்டும் மாடி மட்டத்தைக் கடக்கும் புள்ளியையே குறிக்கும். தரையில் விழும் புள்ளியை அல்ல. H மட்டும் தப்பிப் பிழைக்கிறது, ஆனால் அதுவும் மாடியிலிருந்து 5 மீட்டர். தரையிலிருந்து கேட்டால் விடை 20 மீட்டர்.

இதை உணர்ந்த மாணவர்கள் சிலர் வாய்பாட்டைக் கைவிடாமல் ஒட்டுப்போட முயல்வார்கள். முதல் 2 வினாடியுடன், 15 மீட்டர் விழ ஆகும் நேரமாக √(2h/g) = √3 = 1.73 வினாடியைக் கூட்டி 3.73 வினாடி என்று எழுதுவார்கள். பார்ப்பதற்குப் பொருத்தமாகத் தோன்றும் இவ்விடை தவறானது. மாடி மட்டத்தைக் கடக்கும்போது பந்து ஓய்வில் இல்லை. அது ஏற்கெனவே 10 மீ/வி வேகத்தில் கீழ்நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறது. ஓய்விலிருந்து விழும் பொருளுக்கான வாய்பாடு அங்கே பொருந்தாது.

கூறுகளாகப் பிரிக்கும் முறையில் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டு, செங்குத்து இடப்பெயர்ச்சி −15 என்று எழுதினால் போதும்:

−15 = 10t − 5t²

இதைச் சுருக்கினால் t² − 2t − 3 = 0; தீர்வுகள் t = 3, t = −1. எதிர்க்குறித் தீர்வை விலக்கினால் பறக்கும் நேரம் 3 வினாடி, கட்டடத்தின் அடியிலிருந்து பந்து விழும் தொலைவு 17.32 × 3 = 51.96 மீட்டர். இங்கே நடக்கக்கூடிய பிழை குறியீட்டில்தான்: 15-க்கு முன் உள்ள எதிர்க்குறியை விட்டுவிட்டால் t² − 2t + 3 = 0 என்று வரும்; அதற்கு மெய்யான தீர்வே கிடையாது. பந்து 5 மீட்டருக்கு மேல் உயராது என்பதால் +15 என்ற உயரத்தை அது எட்டவே முடியாது என்பதை அந்தச் சமன்பாடே சொல்லிவிடுகிறது. தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் இப்பண்பு வாய்பாட்டு முறையில் இல்லை.

பாதைச் சமன்பாட்டுக்குரிய இடம் குறுகியது. ஆயினும் அங்கே அது மற்ற இரண்டையும் விஞ்சுகிறது.

y = x tanθ − g x² / (2u² cos²θ)

தரையிலிருந்து எறிந்த பந்து, 20 மீட்டர் தொலைவிலுள்ள 4 மீட்டர் உயரச் சுவரைத் தாண்டுமா என்று வினா கேட்டால், x = 20 என்று இட்டதும் y = 11.55 − 6.67 = 4.88 மீட்டர் என்று கிடைக்கிறது. சுவருக்கு மேல் 0.88 மீட்டர் இடைவெளியுடன் பந்து தாண்டும். நேரம் கேட்கப்படாத வினாவில் நேரத்தைக் கணக்கிடும் இடைப்படி இதனால் மிச்சமாகிறது. நேரத்தையும் சேர்த்துக் கேட்டால் இந்த ஆதாயம் போய்விடும்.

கடைசியாக, வாய்பாட்டு முறை விட்டுச்செல்லும் ஒரு தவறான நம்பிக்கையைக் குறிப்பிட வேண்டும். sin2θ-வின் பெரும மதிப்பு 1 என்பதிலிருந்து, 45° கோணமே எப்போதும் அதிகத் தொலைவு தரும் என்று பலர் மனத்தில் பதித்துக்கொள்கிறார்கள். சமதளத்தில் அது சரி: 20 மீ/வி-யில் 45° தரும் நெடுக்கம் 40 மீட்டர், 30° தருவதோ 34.64 மீட்டர்தான். அதே 15 மீட்டர் மாடியிலிருந்து 45° கோணத்தில் எறிந்தால் கூறுகள் இரண்டும் 14.14 மீ/வி; −15 = 14.14t − 5t² என்பதிலிருந்து நேரம் 3.65 வினாடி, தொலைவு ஏறத்தாழ 51.6 மீட்டர். 30° தந்த 51.96 மீட்டரைவிட இது சற்றுக் குறைவு. இவ்வுயரத்திலிருந்து பெருமத் தொலைவு தரும் கோணம் tanθ = u / √(u² + 2gh) என்பதன்படி ஏறத்தாழ 37°; அப்போது பந்து 52.9 மீட்டர் தொலைவில் விழும். விழும் இடம் எறியும் இடத்தைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ, அக்கோணமும் 45°-இலிருந்து அவ்வளவுக்குக் குறைந்துகொண்டே செல்லும்.