சல்ஃபேட் இல்லாத ஷாம்பூ: தண்டையார்பேட்டை தண்ணீரில் இரண்டு வருடம்

எனக்குச் சுருட்டை முடி, நரைக்காக ஐந்து வாரத்துக்கு ஒருமுறை டை. பார்லர் அக்கா, "சல்ஃபேட் ஷாம்பூ போட்டா கலர் நிக்காதும்மா" என்று சொன்னதால் மாறினேன். இரண்டு வருடம் ஆகிறது.

சல்ஃபேட் என்பது பெரும்பாலும் சோடியம் லாரில் சல்ஃபேட், அல்லது அதைவிடச் சற்று மென்மையான சோடியம் லாரத் சல்ஃபேட். நுரை பொங்குவதும் எண்ணெய்ப் பசை கழன்று வருவதும் இவற்றால்தான்.

கலர் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பார்லரில் வெட்டிப்போட்ட என் டை முடியைக் கேட்டு வாங்கி, நூலால் மூன்று கற்றையாகக் கட்டினேன். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், ஒன்றுக்குப் பழைய ஷாம்பூ, ஒன்றுக்குப் புதியது. பன்னிரண்டு முறை அலசி, வெள்ளைத் துண்டில் வைத்துப் பார்த்தேன். மூன்றுமே வெளுத்திருந்தன. இரண்டு ஷாம்பூ கற்றைகளையும் என் கணவரிடம் காட்டினால் எது எது என்று அவரால் சொல்ல முடியவில்லை. வெறும் தண்ணீர்க் கற்றையும் நன்றாகவே மங்கியிருந்தது. நனைந்த முடி ஊதும், அந்த வழியாக நிறத் துகள்கள் கசியும். ஷாம்பூ அதற்கு மேல் கொஞ்சம்தான் சேர்க்கிறது. அப்புறம் வாரம் நான்கு தலைக்குளியலை இரண்டாக்கினேன். கலர் தங்கியது அதனால்தான்.

சுருட்டைக்கோ வித்தியாசம் நிஜம். தலைத்தோலில் ஊறும் எண்ணெய் சுருளின் வளைவுகளைத் தாண்டி நுனிக்கு வந்து சேராது. இருக்கிற கொஞ்சத்தையும் வலுவான ஷாம்பூ வழித்துவிடும். இரண்டாம் மாதத்திலேயே நுனிகள் பஞ்சு மாதிரி விரியாமல் கற்றையாக நின்றன.

நான்காம் மாதம் சோதனை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய் எண்ணெய் வைப்பேன். மெல்லிய ஷாம்பூவுக்கு அது முழுசாகப் போகவில்லை. மெட்ரோ வாட்டர் வராத நாட்களில் போர் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, முடியில் படிந்தது. காய்ந்த பிறகும் காதுக்குப் பின்னால் மெழுகு தடவியது போலிருந்தது. நகத்தில் வெள்ளையாக ஏதோ சுரண்டி வந்தது. இப்போது ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, டை போடுவதற்கு முதல்நாள், பழைய சல்ஃபேட் ஷாம்பூவைத் தலைத்தோலுக்கு மட்டும் போடுகிறேன். கடைசி இரண்டு சொம்பு பிடித்து வைத்த மெட்ரோ தண்ணீர். பிசுக்கு போய்விட்டது.

இன்னொன்று. நடுவில் வாங்கிய ஒரு பாட்டில் முகப்பில் 'சல்ஃபேட் இல்லை' என்றுதான் இருந்தது, ஆனால் முடி வறவறவென்று ஆனது. பின்னால் படித்தால் ஓலிஃபின் சல்ஃபோனேட் இரண்டாவதாக இருந்தது. பேரில் சல்ஃபேட் கிடையாது, சுத்தம் செய்யும் வேகம் அதே ரகம். மிச்சத்தை வீட்டில் பிரஷ், சீப்பு கழுவ வைத்திருக்கிறேன்.