பொருளைத் திருப்பிக் கொடுத்தாலும் பில் நிற்கும்: ‘இப்போ வாங்கு, அப்புறம் கட்டு’ எடுப்பவர்கள் கவனத்துக்கு

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் ஆன்லைனில் ஒரு ரூம் ஹீட்டர் வாங்கினேன். விலை 3,199. ‘அப்புறம் கட்டு’ வாலெட்டில் போட்டேன். ஹீட்டர் போட்ட உடனே வீட்டு மெயின் ட்ரிப் ஆனது. ரிட்டர்ன் கொடுத்துவிட்டேன். மலைப்பாதையில் மண்சரிவு என்று பிக்கப் ஆள் தாமதமாக, அக்டோபர் 29ஆம் தேதிதான் வந்தார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

நவம்பர் 1ஆம் தேதி பில் வந்தது: ஹீட்டர் 3,199, மளிகை 700, மொத்தம் 3,899. கெடு 5ஆம் தேதி. வாலெட்டின் கஸ்டமர் கேரில் சாட்டில் கேட்டேன். “ரிட்டர்ன் ஆகிவிட்டது, ஹீட்டருக்குக் கட்ட வேண்டாம் சார், 700 மட்டும் போதும்” என்றார்கள். 700 கட்டினேன். கடைக்காரர் கோவை கிடங்கில் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, ரீஃபண்ட் வாலெட்டில் ஏறியது 7ஆம் தேதி. அதற்குள் 5ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதால் 300 ரூபாய் லேட் ஃபீ. கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ‘ஓவர்டியூ’ ஏறிவிட்டது. கையில் இல்லாத பொருளுக்கு அபராதம், அதுவும் அவர்கள் சொன்னபடி நடந்ததற்கு! இதை எப்படி நியாயம் என்கிறார்கள்?

விஷயம் இதுதான். நாம் வாங்கிய அன்றே ஒரு நிதி நிறுவனம் கடைக்குப் பணம் கொடுத்து, நம் பெயரில் கடன் திறந்துவிடுகிறது. ரிட்டர்ன் என்பது கடைக்கும் நமக்கும் உள்ள கணக்கு. கடையிலிருந்து பணம் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் வரை கடன் உயிரோடுதான் இருக்கும். கடை ஆப்பில் ‘ரீஃபண்ட் அனுப்பப்பட்டது’ என்று பச்சை டிக் வந்தாலும், வாலெட் ஸ்டேட்மெண்டில் வரவு விழாமல் பில் குறையாது. அதனால் கெடு தேதிக்கு முன் வரவு வராவிட்டால் முழுத் தொகையையும் கட்டிவிடுங்கள். பிறகு வரும் ரீஃபண்ட் அடுத்த பில்லில் கழியும், அல்லது வங்கிக்குத் திரும்பும். எது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆட்டோ டெபிட் வைத்திருந்தால் கணக்கில் பணம் இருக்கட்டும். இல்லையென்றால் வங்கியும் தனியாக பவுன்ஸ் சார்ஜ் போடும்.

ஏற்கெனவே மாட்டியவர்கள் வாலெட்டிடம் மட்டும் மல்லுக்கட்டாதீர்கள். பெரும்பாலும் வாலெட் வெறும் இடைத்தரகர். கடன் கொடுத்தவர் யார், குறைதீர் அதிகாரி யார் என்பது கடன் ஒப்பந்தத்தோடு வரும் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். பிக்கப் ரசீது, சாட் ஸ்கிரீன்ஷாட் இரண்டையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு மெயில் போட்டேன். 300 ரூபாய் திரும்பியது. 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448.

கிரெடிட் ரிப்போர்ட்டுக்குத் தனியாகத் திருத்தம் கேட்டிருக்கிறேன். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதையும் மெயிலில் எழுதியே அனுப்பியிருக்கிறேன்.